கேம் ஆட கையடக்க கன்சோலா, போனா? காசு கொடுக்கும் முன் செய்யும் தவறுகள்

சேலத்தில் இருக்கும் என் சித்தி மகன் கையில் 55,000 ரூபாய் வைத்துக்கொண்டு இரண்டு பொருளுக்கு நடுவே தவித்துக் கொண்டிருந்தான். ஒன்று புது கேமிங் போன், இன்னொன்று கணினி கேம்களை ஆட உதவும் ஸ்டீம் டெக் என்ற கையடக்க கன்சோல். இரவில் நண்பர்களோடு பிஜிஎம்ஐ ஆடுவான். எல்டன் ரிங் என்ற பெரிய கணினி கேமை ஆட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. வேலைக்குப் பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். மூன்று வருடப் பழைய போன், மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. இந்த நிலையில் இருக்கும் பலரும் ஒரே மாதிரியான தவறுகளைத்தான் செய்கிறார்கள் என்பதால், அவன் கணக்கையே இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

கருவியை முதலில் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலோர் கருவியை வாங்கிவிட்டு அப்புறம் கேம் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். அடுத்த ஆறு மாதத்தில் நிச்சயமாக ஆடப்போகும் ஐந்து கேம்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எதில் ஓடும் என்று பாருங்கள்.

பிஜிஎம்ஐ போனுக்கான கேம். அதற்கு அதிகாரபூர்வமான கணினி வடிவம் கிடையாது, எனவே ஸ்டீம் டெக்கில் ஆட முடியாது. மரியோ, செல்டா வரிசையின் பெரிய கேம்கள் வேண்டுமென்றால் நின்டெண்டோ ஸ்விட்ச் தவிர வழியில்லை. ஸ்டார்டியூ வேலி, டெட் செல்ஸ் மாதிரியான கேம்கள் போனிலும் உண்டு, கன்சோலிலும் உண்டு. ஆனால் போனில் காசு கொடுத்து வாங்கியது ஸ்டீம் என்ற கணினி கேம் கடையின் கணக்கில் வராது, மறுபடி வாங்க வேண்டும்.

ஸ்டீமில் இருக்கும் எல்லாமே டெக்கில் ஓடும் என்று நினைப்பது இதைவிடப் பெரிய சறுக்கல். டெக்கில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம் ஓஎஸ். தனியாக ஆடும் கேம்கள் பெரும்பாலும் நன்றாகவே ஓடுகின்றன. சிக்கல் ஆன்லைன் போட்டி கேம்களில்தான். ஏமாற்றுபவர்களைத் தடுக்கும் ஆன்டி சீட் மென்பொருள் பல கேம்களில் லினக்ஸை அனுமதிப்பதில்லை. வேலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் ஸ்டீம் ஓஎஸ்ஸில் ஓடாது. முதலில் ஓடிக்கொண்டிருந்த அபெக்ஸ் லெஜண்ட்ஸும் 2024 கடைசியில் லினக்ஸுக்குக் கதவைச் சாத்திவிட்டது. உங்கள் பட்டியலில் இப்படி ஒன்று இருந்தால் ஆசுஸ் ஆர்ஓஜி அலை போன்ற விண்டோஸ் கருவிதான் சரி. வாங்கும் முன் protondb.com தளத்தில் கேம் பெயரைத் தட்டினால் டெக்கில் ஆடியவர்கள் எழுதிய அனுபவம் கிடைக்கும்.

போன் பக்கமும் ஒரு பலவீனம் உண்டு. அதில் இருக்கும் கேம் என்றைக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தியாவில் 2020இல் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. அதன் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ 2022இல் ஆப் ஸ்டோர்களிலிருந்து எடுக்கப்பட்டு 2023இல்தான் திரும்பி வந்தது. 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது, 64 பிட்டுக்கு மாற்றப்படாத பழைய ஐபோன் கேம்கள் எல்லாம் ஒரேயடியாக ஓடாமல் போயின, காசு கொடுத்து வாங்கியவையும்தான்.

எம்ஏஎச் எண்ணை வைத்து பேட்டரியை ஒப்பிடுவது

இந்தத் தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது. போனில் 5,000 எம்ஏஎச், டெக்கில் ஏறத்தாழ 5,300, ஆக இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எம்ஏஎச்சை வோல்டேஜோடு பெருக்கினால்தான் உண்மையான கொள்ளளவு தெரியும். போன் பேட்டரி சுமார் 3.85 வோல்ட், அதாவது ஏறக்குறைய 19 வாட் அவர். டெக்கின் எல்சிடி மாடலில் அது 40, ஓலெட் மாடலில் 50.

அப்படியானால் டெக் இரண்டு மடங்கு நேரம் நிற்குமா? நிற்காது. எவ்வளவு இழுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கனமான கேம் ஓடும்போது போன் நான்கைந்து வாட் இழுக்கும். 19ஐ 4.5ஆல் வகுத்தால் நான்கு மணி நேரம் சொச்சம். எல்டன் ரிங் மாதிரி ஒன்று ஓடும்போது டெக் திரையோடு சேர்த்து இருபது வாட்டைத் தாண்டும். 40ஐ 22ஆல் வகுத்தால் இரண்டு மணி நேரம்கூட வராது. அதே டெக்கில் ஸ்டார்டியூ வேலி ஆடினால் ஐந்து மணி நேரம் வரை தாராளமாகப் போகும். எல்சிடி டெக்குக்கு அதைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனம் 2 முதல் 8 மணி நேரம் என்று அவ்வளவு அகலமாகச் சொல்வதன் காரணம் இதுதான். விளம்பரத்தில் பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள், சின்ன எண்தான் கனமான கேமுக்கு உரியது.

போனின் நான்கு மணி நேரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலான போன்களில் விசிறி இல்லை. இருபது நிமிடம் கனமாக ஆடினால் சூடேறி, சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். திரை வெளிச்சம் மங்குவது, திருப்பும்போது காட்சி விட்டு விட்டு நகர்வது, இவைதான் அடையாளம். கடையில் ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்தால் இது தெரியாது. யாரிடமாவது அந்த மாடல் இருந்தால் அரை மணி நேரம் தொடர்ந்து ஆடிப் பாருங்கள். சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடினால் சூடு இன்னும் ஏறும். சில சாம்சங் போன்களில் Pause USB Power Delivery என்றொரு அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் மின்சாரம் பேட்டரிக்குள் போகாமல் நேராக போனுக்குப் போகும், சூடு குறையும்.

இன்னொன்றை ஒப்பீட்டு வீடியோக்கள் சொல்வதில்லை. கன்சோல் அணைந்தால் கேம் நிற்கும், அவ்வளவுதான். பஸ்ஸில் ஆடி போன் அணைந்துவிட்டால் டீக்கடையில் ஜிபே செய்ய முடியாது, வீட்டுக்கு ஒரு போன்கூடப் போட முடியாது.

விலைச்சீட்டை மட்டும் பார்ப்பது

வால்வும் நின்டெண்டோவும் இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. கிடைப்பதெல்லாம் இறக்குமதி செய்தவை, உத்தரவாதம் விற்பவர் வாய் வார்த்தைதான். ஆர்ஓஜி அலை இங்கே அதிகாரபூர்வமாக வந்தது, 2023இல் அதன் விலை 69,990 ரூபாய். டெக்கைவிடக் கூடுதலாகக் கொடுப்பதில் ஒரு பகுதி சர்வீஸ் சென்டருக்கான விலை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கேம் செலவு. பிஜிஎம்ஐ இலவசம், ஆனால் மாதாமாதம் காசு கொடுத்து வாங்கும் யூசி என்ற கேம் நாணயத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு பெரிய கேமின் விலை வந்துவிடும். டேட்டாவையும் மறந்துவிடுகிறார்கள். எல்டன் ரிங் ஏறத்தாழ 60 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் ரீசார்ஜில் ஒரு மாத டேட்டா முழுவதும் அந்த ஒரு கேமுக்கே போய்விடும். வீட்டில் ஃபைபர் இணைப்பு இல்லாதவர்கள் ஸ்டீம் கருவி வாங்குவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

சரி, தம்பிக்கு வருவோம். அவனுக்கு வீட்டில் ஃபைபர் இருக்கிறது. பழைய போனில் பிஜிஎம்ஐ இன்னும் ஒழுங்காகவே ஓடுகிறது, செத்துப்போனது பேட்டரி மட்டும்தான். இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து அதை மாற்றியாயிற்று. மிச்சப் பணத்தில் 46,000க்கு எல்சிடி டெக், கூடவே ஒரு மெமரி கார்டு. பஸ்ஸில் போய்வர இரண்டு மணி நேரம், அதற்கு எல்டன் ரிங் தாங்காது. அதனால் பஸ்ஸில் சின்ன கேம்கள், வீட்டில் சார்ஜரோடு எல்டன் ரிங் என்று பிரித்துக்கொண்டான். அவன் பட்டியலில் எல்டன் ரிங் இல்லாமல் பிஜிஎம்ஐயும் ஸ்டார்டியூ வேலியும் மட்டும் இருந்திருந்தால் டெக்கே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், பேட்டரி மாற்றியதோடு போதும்.

இறக்குமதிக் கருவி வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன் அங்கேயே செட்டிங்ஸைத் திறந்து இரண்டு ஸ்டிக்கையும் தொடாமல் விட்டு, காட்டும் புள்ளி தானாக நகர்கிறதா என்று பாருங்கள். சார்ஜரைச் செருகி ஏறுகிறதா என்று பாருங்கள். முதல் கேமை ஸ்டீமிலேயே வாங்குங்கள். வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் கருவியில் அந்த கேம் தாங்குமா என்பது அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும்.