கார்டன் லீவில் கைக்கு வருவது எவ்வளவு? பிரிட்டனில் வேலையை விடுபவர்களுக்கான கணக்கு

பிரிட்டனில் வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்தவரிடம், அறிவிப்புக் காலம் முடியும்வரை அலுவலகத்துக்கு வர வேண்டாம், வீட்டிலேயே இருங்கள், சம்பளம் வந்துவிடும் என்று நிறுவனம் சொல்வதுண்டு. இதற்குக் கார்டன் லீவ் என்று பெயர். வீட்டில் தோட்டம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் இல்லை. வேலை செய்யாமலே முழுச் சம்பளம் என்று கேட்கும்போது இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கமிஷனோ ஓவர்டைமோ வாங்குபவர்களுக்கு அந்த "முழு" என்ற சொல் பாதி உண்மைதான். அதைப் பின்வருமாறு கணக்கிட்டுப் பார்க்கலாம்.

படி 1: ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள்

உங்களைக் கார்டன் லீவில் அனுப்பும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்று பணி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். எழுதப்படாவிட்டால், எல்லாரையும் அப்படி உட்காரவைத்துவிட முடியாது. 1998-இல் வில்லியம் ஹில் நிறுவனத்துக்கும் டக்கர் என்ற ஊழியருக்கும் இடையே நடந்த வழக்கில், திறமையைத் தொடர்ந்து பயன்படுத்தியாக வேண்டிய தனித்தன்மை வாய்ந்த பதவியில் இருந்த அவரை, ஒப்பந்தத்தில் இடமில்லாதபோது வேலை தராமல் வைத்திருக்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

படி 2: சம்பளத்தைப் பிரித்து எழுதுங்கள்

கடைசி மூன்று சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் வருவதை ஒரு பக்கமும், செய்த வேலைக்காக மட்டும் வருவதை மறுபக்கமும் எழுதுங்கள். அடிப்படைச் சம்பளமும் ஓய்வூதியத்துக்கு நிறுவனம் செலுத்தும் பங்கும் முதல் பக்கத்தில் வரும். சொந்தப் பயன்பாட்டுக்கும் சேர்த்து ஒப்பந்தப்படி கார் கொடுத்திருந்தால், வேறு விதி எழுதப்படாதவரை அதுவும் உங்களிடமே இருக்கும். ஓவர்டைமும் புதிய விற்பனைக்கான கமிஷனும் பொதுவாக மறுபக்கத்தைச் சேர்ந்தவை. பயணச் செலவாகத் திரும்ப வரும் பணத்தை எந்தப் பக்கத்திலும் எழுத வேண்டாம். செலவே இல்லாதபோது அது வராமல் போவது இழப்பு ஆகாது.

படி 3: இரண்டையும் கூட்டிப் பாருங்கள்

ஒரு விற்பனை ஊழியரை எடுத்துக்கொள்வோம். அவருடைய அடிப்படைச் சம்பளம் மாதம் 3,000 பவுண்டு, கமிஷன் சராசரியாக 600 பவுண்டு, அறிவிப்புக் காலம் இரண்டு மாதம். கமிஷன் அவரே கையெழுத்து வாங்கிய விற்பனைக்கு மட்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. வேலைக்குப் போனால் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 7,200 பவுண்டு கிடைக்கும். கார்டன் லீவில் இருந்தால் அடிப்படைச் சம்பளம் 6,000 பவுண்டு; அதற்கு முன்பே கையெழுத்தான விற்பனைகளுக்காக வரவேண்டிய கமிஷன் 400 பவுண்டு; ஆக 6,400. இந்த 400-ஐத்தான் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். மொத்தத்தில் வித்தியாசம் 800 பவுண்டு, வரிக்கு முன். இரண்டு வகையிலும் வருவது சம்பளமே என்பதால் வருமான வரியும் தேசியக் காப்பீட்டுப் பங்கும் வழக்கம்போலப் பிடிக்கப்படும்.

படி 4: மிச்ச விடுப்பு எங்கே போகிறது என்று பாருங்கள்

கார்டன் லீவிலும் நீங்கள் ஊழியர்தான். ஆகவே ஆண்டு விடுப்பு தொடர்ந்து சேர்ந்துகொண்டே வரும். வேலை முடியும் நாளில் மிச்சமிருக்கும் விடுப்புக்குப் பணம் தர வேண்டும். ஆனால் அந்த விடுப்பை வீட்டில் இருக்கும் காலத்திலேயே எடுத்துத் தீர்க்கும்படி நிறுவனம் சொல்ல முடியும். அப்படிச் சொல்வதற்கு, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், விடுப்பு நாட்களைப் போல இரண்டு மடங்கு நாட்களுக்கு முன்பே தெரிவித்தாக வேண்டும். நம் ஊழியருக்கு ஆறு நாள் மிச்சம் என்றால் 12 நாள் முன்னதாக. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் ஆண்டுக்கு 260 வேலை நாட்களால் வகுத்தாலே ஆறு நாளின் மதிப்பு 831 பவுண்டு ஆகிறது. கமிஷனில் போன 800-ஐ விட இது அதிகம். உரிய அவகாசம் தராமல், கடைசிச் சீட்டில் "விடுப்பு எடுக்கப்பட்டது" என்று மட்டும் போட்டிருந்தால் அதை ஏற்க வேண்டியதில்லை.

படி 5: எழுத்தில் கேளுங்கள்

"என் கார்டன் லீவ் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது, அதுவரை ஓய்வூதியப் பங்கு தொடருமா, ஏற்கெனவே முடித்த விற்பனைகளுக்கான கமிஷன் எந்த மாதம் வரும், மிச்ச விடுப்பு எத்தனை நாள்" என்று மனிதவளத் துறைக்கு ஒரே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். பதிலில் உள்ள முடிவுத் தேதிதான் முக்கியம். அந்தத் தேதிக்கு வெகு முன்பே, வேலை முடிந்ததும் நிறுவனம் தரும் பி45 படிவம் வந்து, சம்பளம் மொத்தமாக ஒரே தவணையில் வந்தால், உங்களைக் கார்டன் லீவில் வைக்காமல், அறிவிப்புக் காலத்துக்கு ஈடாகப் பணம் கொடுத்து வேலையை அன்றே முடித்துவிட்டார்கள் என்று பொருள். அன்றோடு விடுப்புச் சேர்வது நிற்கும், ஓய்வூதியப் பங்கும் பெரும்பாலும் நிற்கும். மறுபுறம், நீங்கள் இனி அவர்கள் ஊழியர் இல்லை என்பதால், போட்டி நிறுவனம் பற்றிய தடை எதுவும் ஒப்பந்தத்தில் இல்லையென்றால், அடுத்த வேலையில் உடனே சேரலாம். கார்டன் லீவில் அதற்கு வழியில்லை.