வண்டி சார்ஜ் ஆகும்போது பிளக் சூடாகிறதா? எங்கே லூஸ் என்று கண்டுபிடிப்பது எப்படி

வீட்டுப் பாயின்ட்டில் எலக்ட்ரிக் கார் சார்ஜ் போடுகிறவர்களுக்கான பதிவு இது. ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களும் படிக்கலாம், ஆனால் பெரும்பாலான ஸ்கூட்டர் சார்ஜர்கள் மூன்று நான்கு ஆம்பியர்தான் இழுக்கும் என்பதால் அவர்களுக்குத் தொல்லை குறைவு. கார் அப்படி இல்லை, கூடவே கொடுக்கும் போர்ட்டபிள் சார்ஜர் 15 ஆம்பியர் வரை ஆறேழு மணி நேரம் விடாமல் இழுக்கும். அயர்ன் பாக்ஸ், கீசர் எல்லாம் நடுவில் கட் ஆகி ஓய்வு எடுக்கும், கார் எடுக்காது. அதனால்தான் வருஷக்கணக்கில் தொந்தரவே தராத பாயின்ட் கார் வந்த பிறகு கொதிக்க ஆரம்பிக்கிறது.

தண்டையார்பேட்டையில் சித்தப்பா வீட்டுப் பாயின்ட்டை வைத்தே சொல்கிறேன். போர்ட்டிகோவில் முன்பு தண்ணி மோட்டாருக்குப் போட்ட 16 ஆம்பியர் சாக்கெட், அதில்தான் ராத்திரி கார். பிளக் கை வைக்க முடியாத அளவு சுடுகிறது என்று சித்தி சொன்னதற்கு அவர் பதில், "எம்.சி.பி. போட்டிருக்கேன்ல, ஏதாவது ஆனா அதுவே விழுந்துடும்." பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறோம். எம்.சி.பி. பார்ப்பது மொத்தம் எவ்வளவு கரண்ட் போகிறது என்பதை மட்டும்தான். கான்டாக்ட் லூஸாக இருந்தாலும் போவது அதே 15 ஆம்பியர், ஆகவே அது விழாது. ஆர்.சி.சி.பி. கரண்ட் வெளியே கசிகிறதா என்று பார்க்கும், இங்கே கசிவும் இல்லை, அதுவும் விழாது. சாக்கெட் உருகிக்கொண்டிருக்கும்போது போர்டில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

சூடு எங்கிருந்து வருகிறது? பிளக் முள்ளைச் சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைக் கவ்வி இறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி தளர்ந்தாலோ, உள்ளே களிம்பு பிடித்தாலோ கரண்ட் போகும் வழி குறுகும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்றுக்குச் சொல்ல வேண்டியதில்லை, திறந்த போர்ட்டிகோவில் இருக்கும் சாக்கெட்டின் ஸ்க்ரூ சீக்கிரமே துருப்பிடித்துவிடும். அந்த இடத்தில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 15 × 15 × 0.1, அதாவது 22 வாட்டுக்கு மேல் சூடு. சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சாக்கெட்டுக்குள் விடிய விடிய ஆன் பண்ணி வைத்தது போல. கான்டாக்ட் நன்றாக இருந்தால் இது ஒரு வாட்டை ஒட்டித்தான் இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. தொட்டுப் பாருங்கள். சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து, உலர்ந்த கையின் பின்பக்கத்தால் பிளக்கின் பிளாஸ்டிக் உடம்பையும் சாக்கெட் முகப்பையும் தொடுங்கள். அதற்கு முன்னால் தொட்டால் சூடு முழுசாக ஏறியிருக்காது. வெதுவெதுப்பு பரவாயில்லை. மே மாத வெயில் வாங்கிய சுவர் சும்மாவே சுடும், அதனால் அதே சுவரில் சும்மா இருக்கும் இன்னொரு சாக்கெட்டையும் தொட்டு ஒப்பிடுங்கள். சில விநாடிக்கு மேல் கை வைக்க முடியவில்லை என்றால் அன்றைக்குச் சார்ஜ் போதும். பழுப்பு நிறம், உருகிய ஓரம், சர்ரென்ற சத்தம் இருந்தாலும் அப்படியே. சூடேறிய சாக்கெட் பிளாஸ்டிக் சில சமயம் மீன் வாடை அடிக்கும், காசிமேட்டுக்காரர்கள் அதை நம்பிக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான்.

2. நிறுத்தும் வரிசை. முதலில் காரிலோ ஆப்பிலோ சார்ஜை நிறுத்துங்கள், அப்புறம் சுவிட்ச், கடைசியாகத்தான் பிளக்கை உருவ வேண்டும். ஓடும்போதே உருவினால் முள்ளில் பொறி பறந்து கான்டாக்ட் இன்னும் கெடும். சுவிட்சோ சாக்கெட்டோ உருகியிருந்தால் அதில் கையே வைக்காதீர்கள், மெயின் போர்டில் எம்.சி.பி.யை இறக்குங்கள்.

3. எந்தப் பக்கம் கெட்டிருக்கிறது? உருவிய உடனே முள்ளைத் தொடாதீர்கள், ஆறட்டும். பிறகு பாருங்கள். ஒரு முள் மட்டும் கறுத்திருந்தால் அதற்கு நேரான துளையில்தான் பிரச்சினை. பிளக் லேசாக உள்ளே போய் லேசாக வெளியே வந்தாலும், தலை தொங்கி நின்றாலும் கவ்வி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். முள் சுத்தமாக இருந்து சாக்கெட் முகப்பு மட்டும் சுட்டிருந்தால், பின்னால் ஒயர் மாட்டிய ஸ்க்ரூவில் சந்தேகப்படலாம். நடுவில் கன்வர்ட்டரோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸோ இருந்தால் ஆராய்ச்சியே வேண்டாம், அதை எடுத்துவிடுங்கள், காருக்கு அது ஆகாது.

4. திறப்பது எலக்ட்ரீஷியன் வேலை. எம்.சி.பி.யை இறக்கி, மீட்டர் வைத்து கரண்ட் இல்லை என்று பார்த்த பிறகுதான் திறக்க வேண்டும். என்ன பார்க்கச் சொல்வது என்று நமக்குத் தெரிந்திருந்தால் போதும். சித்தப்பா வீட்டில் நியூட்ரல் ஸ்க்ரூவுக்குள் இரண்டு ஒயர். ஒன்று சாக்கெட்டுக்கு வருவது, இன்னொன்று பக்கத்து லைட் பாயின்ட்டுக்கு லூப் அடித்தது. ஒன்று தடி, ஒன்று மெலிசு, ஸ்க்ரூ தடியைப் பிடித்ததில் மெலிசு ஆடி, நாளடைவில் இரண்டுமே தளர்ந்து, முனை கருகி மொறுமொறுவென்று ஆகியிருந்தது.

ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு மூடிவிடலாம் என்றுதான் தோன்றும். கூடாது. ஒரு தடவை நன்றாகச் சூடேறிய கவ்வி ஸ்பிரிங் தன்மையை இழந்துவிடும், இறுக்கினாலும் பிடிக்காது. சாக்கெட்டையே மாற்றச் சொல்லுங்கள். கருகிய ஒயரைப் பளபளவென்று செம்பு தெரியும் வரை வெட்டி, லக் போட்டு அழுத்தி மாட்ட வேண்டும். இழைகளுக்கு ஈயம் வைக்க வேண்டாம், அழுத்தத்தில் ஈயம் நகர்ந்து கொடுத்து மறுபடி லூஸாகும். லூப்பை எடுத்துவிட்டு, மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனியாக 4 ஸ்கொயர் செம்பு ஒயர், 20 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., சரியான எர்த். பெரிய எம்.சி.பி. போட்டால் நல்லது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஒயர் தாங்குவதற்கு மேல் எம்.சி.பி. போட்டால் ஒயர்தான் எரியும்.

பிளக்கையும் பாருங்கள். கருகிய முள்ளைப் புதுச் சாக்கெட்டில் செருகினால் புதுசும் கொஞ்ச நாளில் கெடும். ஆனால் கார் சார்ஜரின் பிளக்கை நாமே வெட்டி மாற்றக் கூடாது. சிலவற்றில் உள்ளேயே சூடு பார்க்கும் சென்சார் இருக்கும், வாரன்டியும் போய்விடும். சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

5. ஆம்பியரைக் குறையுங்கள். பாயின்ட்டைச் சரிசெய்த அப்புறமும் இது கைகொடுக்கும். சூடு கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறுவதால் 15-ஐ 10 ஆக்கினால், அதே கெட்ட கான்டாக்ட்டில் 22 வாட் 10 வாட்டாக இறங்கும். நேரம் ஒன்றரை மடங்குதான் ஆகும். சித்தப்பாவுக்கு ஒரு ராத்திரிக்கு 18 யூனிட் தேவை என்று வைத்தால் 15 ஆம்பியரில் ஐந்தேகால் மணி நேரம், 10-ல் எட்டு மணி நேரம் சுமார். ஒன்பது மணிக்குப் போட்டால் காலை ஐந்துக்கு முடிந்துவிடும், என்ன அவசரம்? காரின் திரையிலோ சார்ஜரின் பட்டனிலோ இதை மாற்ற முடியும். பழைய சாக்கெட் என்றால் 10-க்கு மேல் போகாதீர்கள், ஏற்கெனவே சுட்டது என்றால் 10-ம் வேண்டாம், சரிசெய்யும் வரை அதில் போடவே போடாதீர்கள். குறைக்கும் வசதி இல்லாத சார்ஜர் என்றால் தனி லைன் வராமல் வேறு வழியில்லை. 6 ஆம்பியர் சாக்கெட்டில் கார் என்ற பேச்சே வேண்டாம்.

6. மறுபடி தொட்டுப் பாருங்கள். புதுச் சாக்கெட் போட்ட அன்றைக்கு முதல் ஒரு மணி நேரம் கழித்தும், ஒரு வாரம் கழித்தும். செம்பு இழைகள் ஸ்க்ரூவுக்கு அடியில் கொஞ்சம் அமுங்கும், அதனால் அந்த ஒரு வாரத்தில் எலக்ட்ரீஷியனை இன்னொரு தடவை வரச் சொல்லி இறுக்கிவிடுவது நல்லது. சார்ஜரின் கனமான பெட்டி பிளக்கிலேயே தொங்கினால் கவ்வி மறுபடி விரியும், பக்கத்தில் ஒரு ஆணி அடித்துப் பெட்டியை அதில் மாட்டிவிடுங்கள்.