மரச்சீனி சிப்ஸுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் லிஸ்டிங் எழுதுவது எப்படி?

மார்த்தாண்டத்திலோ களியக்காவிளையிலோ கடையில் போய் "மரச்சீனி சிப்ஸ் கால் கிலோ" என்றால் உடனே நிறுத்துத் தருவார்கள். சேலத்துக்காரருக்கு அது குச்சிக்கிழங்கு. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் மரவள்ளி. எல்லை தாண்டினால் கப்பை. இணையத்தில் விற்கும்போது இவர்கள் அத்தனை பேரும் ஒரே தேடல் பெட்டியில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அதனால் லிஸ்டிங்கை மொழிபெயர்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, "இதற்கு ஆங்கிலத்தில் என்ன?" என்பதல்ல, "வாங்குகிறவர் எதைத் தட்டுவார்?" என்பதுதான்.

முதல் படி: பெயர்களைத் திரட்டுங்கள். அகராதியை எடுக்கும் முன் வாட்ஸ்அப்பில் வந்த பழைய ஆர்டர்களைப் பாருங்கள். வாடிக்கையாளர் எழுதிய சொல்லை எழுத்துப்பிழையோடு அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தளத்தின் தேடல் பெட்டியில் ஒவ்வொரு சொல்லின் முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் தட்டி, கீழே என்னென்ன பரிந்துரை வருகிறது என்று பாருங்கள். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் நிறைய. அதனால் பட்டியலில் மூன்று வரிசை வேண்டும்: தமிழ் எழுத்தில் தமிழ், ஆங்கில எழுத்தில் தமிழ், ஆங்கிலம்.

இரண்டாம் படி: ஒவ்வொரு சொல்லையும் தேடிப் பாருங்கள். இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிடிபடும். சொல்லைத் தேடியதும் முதல் வரிசையில் உங்கள் பொருளைப் போன்ற படங்கள் வந்தால் அது சரியான சொல். வேறு ஏதாவது வந்தால் தலைப்பில் வைக்கக் கூடாது.

`tapioca` என்று மட்டும் தேடினால் ஜவ்வரிசியும் கிழங்கு மாவும் கலந்து வரும். `tapioca chips` என்றால் நம் சிப்ஸ் வரும். `kappa` என்பது ஒரு விளையாட்டு உடை பிராண்டின் பெயரும்கூட; தனியாகப் போட்டால் பனியனும் ஷூவும் தேடுகிறவர்களிடம் போய் நிற்கும். எனவே எப்போதும் `kappa chips`. இந்தியாவில் `tapioca` என்றால் கிழங்கு என்று புரிந்துகொள்வார்கள். அமெரிக்காவில் கிழங்கின் பெயர் `cassava`. வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் அந்த லிஸ்டிங்கில் முதல் சொல்லையே மாற்ற வேண்டும்.

சொல்லுக்குச் சொல் மாற்றினால் வரும் கேடு இன்னொன்று. மரச்சீனியை மரம், சீனி என்று பிரித்தால் `tree sugar` ஆகிவிடும், கிழங்கு காணாமல் போகும். எதிர்த்திசையில் `hot chips` "சூடான சிப்ஸ்" ஆகும். நாம் சொல்ல வேண்டியது "காரம்".

மூன்றாம் படி: தலைப்புகளைத் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை மாற்றாதீர்கள். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் புதிதாக எழுதுங்கள்.

```
மரவள்ளி சிப்ஸ் காரம், தேங்காய் எண்ணெயில் பொரித்தது, 250 கிராம்

Tapioca Chips Spicy, Maravalli Kizhangu Chips, Fried in Coconut Oil, 250 g
```

தமிழ்த் தலைப்பில் பெயர்ச்சொல்லை வேற்றுமை உருபு சேர்க்காமல் வையுங்கள். "மரவள்ளியில் செய்த சிப்ஸ்" படிக்க நன்றாக இருக்கும். ஆனால் "மரவள்ளி சிப்ஸ்" என்று தேடுகிறவருக்குப் பல தளங்களில் அது அகப்படாது, உருபைப் பிரித்துப் பார்க்கும் வேலையை அவை செய்வதில்லை. சந்தியும் அப்படித்தான். "மரவள்ளிக்கிழங்கு" என்பதே சரியான எழுத்து, அதை விளக்கத்தில் எழுதுங்கள். "மரவள்ளி கிழங்கு" என்று இடைவெளி விட்டுத் தட்டுகிறவர்களுக்காக அந்த வடிவத்தை, வாங்குகிறவர் கண்ணில் படாமல் தேடலுக்கு மட்டும் உதவும் மறைவுச் சொற்கள் பெட்டியில் போடுங்கள்.

ஊர்ச்சொல்லை விட்டுவிட வேண்டாம். விளக்கத்தின் முதல் வரியில் "குமரி மாவட்டத்தில் மரச்சீனி, சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு என்று சொல்லப்படும் மரவள்ளிக்கிழங்கை மெல்லியதாகச் சீவிப் பொரித்தது" என்று எழுதினால், மூன்று ஊர்க்காரரும் தங்கள் பொருள் என்று அடையாளம் காண்பார்கள். சொற்களை வெறுமனே அடுக்கிய உணர்வும் வராது.

நான்காம் படி: மறைவுச் சொற்களை எண்ணிப் போடுங்கள். சில தளங்கள் இந்தப் பெட்டியின் வரம்பை எழுத்தில் சொல்லாமல் பைட்டில் சொல்லும். தமிழுக்கு இது பெரிய வித்தியாசம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் உயிர்மெய்யின் ஒவ்வொரு கூறுக்கும், அதாவது மெய்க்கும் கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனியே, மூன்று பைட். பைத்தானில் எண்ணலாம்:

```
len("மரச்சீனி".encode("utf-8"))        # 24
len("குச்சிக்கிழங்கு".encode("utf-8"))  # 45
len("tapioca".encode("utf-8"))         # 7
```

வரம்பு 200 பைட் என்றால் குச்சிக்கிழங்கு என்ற ஒரு சொல்லை நான்கு முறை எழுதினாலே பெட்டி நிரம்பிவிடும். வரம்பைத் தாண்டினால் அந்தப் பெட்டியில் இருக்கும் எதையுமே எடுத்துக்கொள்ளாத தளங்களும் உண்டு. எச்சரிக்கை வராததால் விற்பவருக்குத் தெரியாது. ஆகவே தலைப்பில் வந்த சொல்லை இங்கே திரும்பப் போடாதீர்கள். மரச்சீனி, குச்சிக்கிழங்கு என்ற இரண்டு தமிழ்ச் சொல்லும், மேலே சொன்ன "மரவள்ளி கிழங்கு" என்ற வடிவமும், ஆங்கில எழுத்தில் `marachini`, `maracheeni`, `kuchi kizhangu`, `kappa` போன்றவையும் போதும். தலைப்பிலேயே சிப்ஸ் இருப்பதால் இங்கே `kappa` தனியாக இருக்கலாம்.

சேமித்த பிறகு வேறொரு போனிலிருந்து, உள்நுழையாமல், திரட்டிய சொற்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். புதிய லிஸ்டிங் தேடலில் ஏறச் சற்று நேரமாகும், மறுநாள் பார்ப்பது நல்லது. எந்தச் சொல்லுக்கு உங்கள் பாக்கெட் வரவில்லையோ, முதலில் அதன் எழுத்துக்கூட்டைச் சரிபாருங்கள். "கொ" போன்ற எழுத்தை ஒற்றைக்கொம்பு, கால் என்று தனித்தனியாகத் தட்டியிருந்தால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே வேறு குறியீடாக இருக்கும். அந்தச் சொல்லை அழித்துவிட்டு, போன் விசைப்பலகையில் மறுபடி தட்டுங்கள்.