மகளைத் தேசியப் போட்டிக்கு அழைத்துச் செல்ல விடுப்புக் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை மாநில அளவில் தேர்வாகிவிட்ட சேதி வந்ததும் வீட்டில் எல்லோரும் முதலில் பார்ப்பது ரயில் டிக்கெட்டைத்தான். விடுப்பு ஞாபகம் அதற்குப் பிறகுதான் வரும். அவசரத்தில் எழுதும் கடிதம் ‘விளக்கம் கேட்டுத் திருப்பப்படுகிறது’ என்ற குறிப்போடு மேசைக்கே திரும்பி வரும். தமிழ்நாடு அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு தாயையோ தந்தையையோ மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தனியார் நிறுவனங்களில் விதிகள் வேறு.

பெரும்பாலான கடிதங்கள் சறுக்குவது நாள் கணக்கில். விருதுநகரில் பணிபுரியும் ஓர் இளநிலை உதவியாளரின் மகளுக்கு 12 வயது, சதுரங்க ஆட்டக்காரி என்று வைத்துக்கொள்வோம். புதுதில்லியில் 11-ஆம் தேதி செவ்வாய் முதல் 17-ஆம் தேதி திங்கள் வரை போட்டி, மொத்தம் 11 சுற்றுகள். திங்கட்கிழமை 10-ஆம் தேதியே வருகையைப் பதிவு செய்ய வேண்டும். 7-ஆம் தேதி வெள்ளி இரவு ஊரிலிருந்து கிளம்பினால் சனி காலை சென்னை. அன்றிரவு தில்லி ரயில். சென்னையிலிருந்து தில்லிக்கு ஏறத்தாழ 33 மணி நேரப் பயணம், ஆகவே திங்கள் காலையில் போய்ச் சேரலாம். திரும்பும்போது 18-ஆம் தேதி இரவு ரயில் ஏறினால் 20-ஆம் தேதி வியாழன் காலை சென்னை, மாலையில் வீடு. 21-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பணியில் சேரலாம்.

இப்போது காலண்டரைப் பார்த்து வேலை நாள்களை மட்டும் எண்ணுவார்கள். 10 முதல் 14 வரை ஐந்து, 17 முதல் 20 வரை நான்கு, ஆக ஒன்பது. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு இருக்கிறதே, போதுமே என்று அதையே கேட்டு எழுதிவிடுவார்கள். இங்கேதான் கடிதம் விழுகிறது. தற்செயல் விடுப்போடு விடுமுறை நாள்களைச் சேர்த்து எடுக்கும்போது, தொடர்ந்து அலுவலகத்துக்கு வராத நாள்கள் மொத்தமாகப் பத்தைத் தாண்டக் கூடாது. இடையில் வரும் சனி, ஞாயிறு தற்செயல் விடுப்புக் கணக்கில் கழியாது என்பது உண்மைதான், ஆனால் இந்தப் பத்து நாள் வரம்பில் அவையும் சேரும். 8-ஆம் தேதியிலிருந்து 20-ஆம் தேதி வரை எண்ணினால் 13 நாள்.

சரி, ஏழு நாள் தற்செயல் விடுப்பு, மிச்சத்துக்கு ஈட்டிய விடுப்பு என்று பிரித்துக் கேட்கலாமா என்றால் அதுவும் ஆகாது. தற்செயல் விடுப்பை ஈட்டிய விடுப்போடு இணைக்க விதியில் இடமில்லை. ஆகவே இந்தப் பயணத்துக்குக் கேட்க வேண்டியது முழுக்க ஈட்டிய விடுப்பு. அதில் நடுவில் வரும் 15, 16 ஆகிய சனி, ஞாயிறும் விடுப்பாகவே கழியும் என்பதால் 10 முதல் 20 வரை 11 நாள். தொடக்கத்தில் உள்ள 8, 9 தேதிகளை விடுப்புக்கு முன்னால் வரும் விடுமுறையாக அனுபவிக்க அனுமதி கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது.

இதோடு ஒட்டியதுதான் தலைமையிடத்தை விட்டு வெளியேறும் அனுமதி. விடுப்பு 10-ஆம் தேதிதான் தொடங்குகிறது, ஆனால் ஊரை விட்டுக் கிளம்புவது 7-ஆம் தேதி இரவு. அன்று அலுவல் நேரம் முடிந்ததும் வெளியேற அனுமதி வேண்டும் என்று ஒரு வரி இருந்தால் போதும்.

சிலர் நாளைக் குறைக்க, ‘மகள் தோற்றுவிட்டால் முன்னதாகவே திரும்பிவிடுவேன்’ என்று எழுதுகிறார்கள். கபடியிலும் கால்பந்திலும் அது நடக்கலாம். தேசியச் சதுரங்கப் போட்டிகள் வழக்கமாக சுவிஸ் முறையில் நடப்பவை. அதில் யாரும் வெளியேற்றப்படுவதில்லை, தோற்றவரும் கடைசிச் சுற்று வரை ஆடுவார். அதனால் கடைசிச் சுற்று நடக்கும் நாள் வரை விடுப்பு தேவை. பரிசளிப்பு அன்று மாலைக்குத் தள்ளிப்போகும் என்பதால்தான் திரும்பும் ரயிலை 18-ஆம் தேதிக்கு வைத்தேன். குழந்தை கடைசிச் சுற்றில் உட்கார்ந்திருக்கும்போது அப்பா கடிகாரத்தையும் ஸ்டேஷனையும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொரு தவறு, பணிக்காகச் செல்வதாகக் கருதும்படி கேட்பது. ‘மகள் மாநிலத்தின் சார்பில் ஆடுகிறாள், எனவே இந்நாள்களைப் பணிக்காலமாகக் கருத வேண்டும்’ என்று எழுதுவார்கள். விளையாட்டுக்கான சிறப்புத் தற்செயல் விடுப்பு ஊழியர் தானே ஆடப் போகும்போது பொருந்துவது. பிள்ளைக்குத் துணையாகப் போவது சொந்தக் காரணம். குழந்தைப் பராமரிப்பு விடுப்பைக் கேட்பவர்களும் உண்டு. அது மத்திய அரசு ஊழியர்களுக்கான 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகளில் இருப்பது. பெண் ஊழியர்களுக்கும், துணையின்றிக் குழந்தையை வளர்க்கும் ஆண்களுக்கும் உரியது. மத்திய அரசில் பணிபுரியும் தாய் அதைக் கேட்கலாம், மாநில அரசு அலுவலகத்தில் அந்த விதியைச் சுட்டிப் பயனில்லை.

எல்லாவற்றிலும் மோசமானது மருத்துவச் சான்று வாங்கி உடல்நலமின்மை என்று எழுதுவது. உண்மையான காரணத்துக்கு விடுப்பு கிடைக்காதோ என்ற பயத்தில் செய்கிறார்கள். அடிப்படை விதி 67-இன்படி விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்பது சரியே. அதற்காகப் பொய்ச் சான்று வழியாகாது. பிள்ளை பதக்கம் வாங்கினால் உள்ளூர் நாளிதழில் பெற்றோரோடு படம் வரும். படுக்கையில் இருந்ததாகச் சான்று கொடுத்தவர் அதே வாரம் தில்லியில் நிற்பது தெரிந்தால், விடுப்போடு முடியாது, ஒழுங்கு நடவடிக்கை வரை போகும். பிள்ளையின் நல்ல நாளை அப்படிக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

அலுவலர் கட்டாயம் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: “பயிற்சியாளர் போறாரே, நீங்க எதுக்கு?” கடிதத்திலேயே அதற்குப் பதில் இருக்க வேண்டும். குழு விளையாட்டில் மேலாளரும் பயிற்சியாளரும் அணியை அழைத்துப் போவார்கள், அங்கே இந்தக் கேள்வி நியாயமானது. தனிநபர் போட்டியில் பயணத்தையும் தங்குமிடத்தையும் பல நேரம் பெற்றோரே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். போட்டி அறிவிப்பில் அப்படி இருந்தால் அந்தப் பக்கத்தின் நகலையும், சுற்று அட்டவணையையும், தேர்வுப் பட்டியலையும் இணைத்துவிடுங்கள். மகள் இதுவரை வாங்கிய கோப்பைகளைக் கடிதத்தில் அடுக்க வேண்டாம். ‘டிக்கெட் எடுத்துவிட்டேன், எனவே அனுமதிக்கவும்’ என்பதையும் எழுதாதீர்கள். ரயில் முன்பதிவு 60 நாள் முன்னதாகத் திறக்கிறது. டிக்கெட் எடுப்பது உங்கள் ஏற்பாடு, அதை அலுவலருக்கு நெருக்கடியாக்கினால் கோபம்தான் வரும்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

“பொருள்: ஈட்டிய விடுப்பு – மகளின் தேசியச் சதுரங்கப் போட்டிக்கு உடன் செல்லுதல் – அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

ஏழாம் வகுப்பு பயிலும் என் மகள் (வயது 12), மாநில அளவில் தேர்வு பெற்று, புதுதில்லியில் 11-ஆம் தேதி முதல் 17-ஆம் தேதி வரை நடைபெறும் தேசியப் போட்டியில் பங்கேற்க உள்ளார். இது தனிநபர் போட்டி என்பதால் பயணத்தையும் தங்குமிடத்தையும் பெற்றோரே ஏற்பாடு செய்ய வேண்டியுள்ளது. சிறுமியைத் தனியே அனுப்ப இயலாததால் நான் உடன் செல்ல வேண்டியுள்ளது. எனவே 10-ஆம் தேதி முதல் 20-ஆம் தேதி வரை 11 நாள்கள் ஈட்டிய விடுப்பு வழங்கவும், 8, 9 ஆகிய விடுமுறை நாள்களை விடுப்புக்கு முன்னர் அனுபவிக்கவும், 7-ஆம் தேதி அலுவல் நேரம் முடிந்தபின் தலைமையிடத்தை விட்டுச் செல்லவும் அனுமதி அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 21-ஆம் தேதி முற்பகல் பணியில் சேருவேன். விடுப்புக்கால முகவரியும் கைபேசி எண்ணும் கீழே தரப்பட்டுள்ளன.”

மாதம், ஆண்டு, போட்டியின் முழுப் பெயர் ஆகியவற்றை உரிய இடங்களில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இருக்கையின் கோப்புகளை யார் பார்ப்பார் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் முன்பே பேசி, அவர் சம்மதித்தால் அதையும் ஒரு வரி சேருங்கள். திரும்பும் ரயில் தாமதமாகி 21-ஆம் தேதி சேர முடியாது என்று தெரிந்தால், 20-ஆம் தேதிக்குள்ளேயே நீட்டிப்பு கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, அலுவலகத்துக்குத் தொலைபேசியிலும் சொல்லிவிடுங்கள்.