பட்டம் இல்லாத நிரலாளருக்குச் சென்னையில்: சுயவிவரத்தின் முதல் பத்தி

மலேசியாவிலிருந்து வரும் நம்மவர்களில் ஓசிஐ அட்டை உள்ளவர்கள் சென்னையில் வேலை பார்க்கத் தனி விசா வேண்டியதில்லை. பான் எண்ணும் வங்கிக் கணக்கும் கைக்கு வந்ததும், பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள மென்பொருள் நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கிவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது, அதுவும் தானாகக் கற்றவர்களுக்கு மட்டும்.

என்னோடு கிள்ளானில் படித்த நண்பர், சுயவிவரத்தின் மேல் பத்தியில் "கணினி அறிவியல் பட்டத்துக்கு இணையான தகுதி" என்று எழுதியிருந்தார். அனுபவத்தைத்தான் அவர் அப்படிச் சொன்னார். மனிதவளப் பிரிவோ அதைப் பட்டம் என்றே படிவத்தில் ஏற்றிவிட்டது. நேர்காணல்களில் தேறி ஆஃபர் லெட்டரும் வந்த பின், பின்னணிச் சரிபார்ப்பை ஏற்றிருந்த வேறொரு நிறுவனம் பல்கலைக்கழகத்தின் பெயரையும் மதிப்பெண் பட்டியலையும் கேட்டது. ஆஃபர் ரத்தானது. சோழிங்கநல்லூரில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து, ஊரில் பார்த்த வேலையையும் விட்டுவிட்ட மனிதர்! பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக்கூட விடாமல் கேட்கும் ஊர் இது என்பதை யாராவது அவருக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

ஆகவே "இணையான", "படித்துக்கொண்டிருக்கிறேன்" போன்ற சொற்களைத் தொடாதீர்கள். "பட்டம் இல்லாவிட்டாலும்" என்று மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம். கல்விப் பகுதியில் எஸ்பிஎம் அல்லது எஸ்டிபிஎம் என உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு, மேல் பத்தியைச் செய்த வேலைக்கே கொடுங்கள். நண்பர் பிறகு மாற்றி எழுதியது, தமிழில் சொன்னால், ஏறக்குறைய இப்படி இருந்தது: "தானாகக் கற்ற பைத்தான் நிரலாளர். வாகன உதிரிபாகக் கடை ஒன்றுக்கு ஜாங்கோவில் எழுதிய பில்லிங் செயலி அன்றாடப் பயன்பாட்டில் உள்ளது. 200 பில்களைக் காட்டும் பக்கம் தரவுத்தளத்தை 201 முறை கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்டறிந்து, ஒரே கேள்வியாகக் குறைத்தேன்."

அந்தக் கடைசி வரிதான் பட்டத்தின் இடத்தை நிரப்புகிறது. பில்களுக்கு ஒரு கேள்வியும், ஒவ்வொரு பில்லின் வாடிக்கையாளர் பெயருக்குத் தனித்தனியே 200 கேள்விகளும் போனதால்தான் பக்கம் தாமதமானது. திருத்தம் ஒரே வரி:

```python
Invoice.objects.select_related("customer")
```

நேர்காணல் எடுப்பவர் இதைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாடிக்கையாளருக்குப் பல பில்கள் என்று எதிர்த்திசையில் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார். அங்கே `prefetch_related` வேண்டும், அது இரண்டு கேள்விகளாகப் போகும் என்று விளக்கத் தெரியாதவர் அந்த வரியை எழுதாமலிருப்பதே நல்லது.

தொடர்ந்து கற்பதைக் காட்டப் பயிற்சிச் சான்றிதழ்களை அடுக்குவதில் பயனில்லை. `git log` திறந்து பார்ப்பவர்கள் இங்கே உண்டு. முழுச் செயலியும் ஒரே கமிட்டில் வந்திருந்தால் எங்கிருந்தோ எடுத்தது என்றே நினைப்பார்கள். மாதக்கணக்கில் பரவிய சிறு கமிட்டுகளில், எது ஏன் மாறியது என்ற குறிப்பு இருக்கட்டும்.

விண்ணப்பப் படிவம் பட்டத்தைக் கட்டாயமாகக் கேட்டால் பொய்யாக எதையும் தேர்ந்தெடுக்காமல், பட்டம் இல்லை என்பதை மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் எழுதி, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். வீட்டு அட்வான்ஸ் கொடுப்பது சரிபார்ப்பு முடிந்த பிறகு இருக்கட்டும்.