ரயிலில் குழந்தைகள் விளையாட: வீட்டிலேயே ஒருமுறை விளையாடிப் பார்க்காததுதான் பெரிய தவறு

18 மணி நேரப் பயணம். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 10. ‘இணையம் தேவையில்லை’ என்று போட்டிருந்த ஆறு விளையாட்டுகளை முந்தின நாள் ராத்திரி டேப்லெட்டில் இறக்கி வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று படுத்துவிட்டேன். ரயில் ஊரைத் தாண்டி சிக்னல் போனதும் அவற்றில் இரண்டு திறக்கவே இல்லை. மூன்றாவதில் பத்து நிலைகள் நன்றாகப் போயின. பதினோராவதைத் தொட்டதும் ஒரு வட்டம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. மகள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது.

தவறு விளையாட்டைத் தேர்ந்தெடுத்ததில் இல்லை. ரயிலில் இருக்கப்போகும் நிலைமையில் அதை ஒருமுறைகூட விளையாடிப் பார்க்காமல் எடுத்துப் போனதில்தான் இருந்தது. அதன்பின் பல பயணங்கள் போய்விட்டோம். திரையில் ஆடுவதானாலும் காகிதத்தில் ஆடுவதானாலும், பாதி வழியில் ஏதாவது கைவிட்டால் பெரும்பாலும் காரணம் இதுவாகவே இருக்கிறது.

‘ஆஃப்லைன்’ என்ற சொல்லை அப்படியே நம்புவது

நிறைய விளையாட்டுகள் முதலில் ஒரு சிறிய பகுதியாக மட்டுமே இறங்கும். படம், ஒலி, அடுத்தடுத்த நிலைகள் எல்லாம் விளையாட விளையாட இணையத்திலிருந்து வரும். வீட்டில் வைஃபை எப்போதும் இருப்பதால் இது நம் கண்ணில் படுவதே இல்லை. சில விளையாட்டுகள் முதல் தடவை திறக்கும்போது மட்டும் இணையத்தைத் தேடும். அதுவரை திறக்காமலே வைத்திருந்தால், அந்த முதல் தடவை ரயிலில்தான் வரும்.

சோதிப்பது எளிது, ஆனால் அரைகுறையாகச் செய்தால் ஏமாந்துவிடுவோம். முதலில் விளையாட்டைத் திறந்து, அது கேட்கும் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு Airplane mode போடுங்கள். வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். முன்பு ஒருமுறை அந்த நிலையில் வைஃபையைப் போட்டிருந்தால், பல கருவிகள் அதை நினைவில் வைத்து, வைஃபையை அணைக்காமலே விட்டுவிடும். அடுத்து கருவியை முழுவதுமாக அணைத்து மறுபடி இயக்குங்கள். இந்தப் படியை விடவே கூடாது, ஏனென்றால் ஏற்கெனவே நினைவகத்தில் ஏறியிருப்பது நமக்குப் பொய் நம்பிக்கை தந்துவிடும். இப்போது விளையாட்டைத் திறந்து, குழந்தை எவ்வளவு தூரம் போகுமோ அதையும் தாண்டி நீங்களே ஆடிப் பாருங்கள். இரண்டு மூன்று நிலைகள் போதாது. குறிப்பு கேட்கும் பொத்தானையும் அழுத்துங்கள்.

அந்தப் பொத்தானைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். இலவசப் புதிர்களில் ‘ஒரு விளம்பரம் பார்த்தால் குறிப்பு’ என்று இருக்கும். இணையம் இல்லாவிட்டால் விளம்பரம் வராது, அதனால் குறிப்பும் வராது. விளம்பரத் தொல்லை ஒழிந்தது என்று நாம் நினைத்திருப்போம், குழந்தையோ அதே புதிரில் சிக்கி நிற்கும். ரயிலில் இன்னொன்றும் நடக்கும். நிலையம் நெருங்கும்போது சிக்னல் திரும்பி வரும், அதுவரை அமைதியாக இருந்த விளையாட்டில் சட்டென்று ஒரு விளம்பரக் காணொளி முழுத்திரையில் ஓடும். எனவே Airplane mode பயணம் முழுக்க இருக்கட்டும். சிக்னலைத் தேடித் தேடி பேட்டரி தீர்வதும் குறையும். ஆண்ட்ராய்டில் இறக்குவதற்கு முன்பே, விளையாட்டின் பெயருக்குக் கீழே Contains ads, In-app purchases என்ற வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம்.

ரொம்ப முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டுத் தொடாமல் இருப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஐஃபோன், ஐபேடில் Offload Unused Apps என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், இடம் குறையும்போது பயன்படுத்தாத செயலியை அதுவே நீக்கிவிடும். சின்னம் மட்டும் திரையில் நிற்கும், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு மேகம் தெரியும். மேகம் தெரிந்தால் உள்ளே விளையாட்டு இல்லை என்று பொருள். கிளம்பும் நாள் காலையில் ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

என் டேப்லெட்டில் இப்போது நிரந்தரமாக இருப்பவை இரண்டுதான். ஒன்று சைமன் டாதம் உருவாக்கிய புதிர்த் தொகுப்பு. Simon Tatham's Puzzles என்று தேடினால் ஆண்ட்ராய்டில் கிடைக்கும். இலவசம், விளம்பரம் கிடையாது. இதில் புதிர்கள் இணையத்திலிருந்து வருவதில்லை, கருவியே ஒவ்வொரு தடவையும் புதிதாக உருவாக்குகிறது. அதனால் தீர்ந்துபோகும் என்ற கவலையே இல்லை. ஆனால் தொகுப்பைத் திறந்து அப்படியே குழந்தை கையில் கொடுத்துவிடாதீர்கள். பெயர்கள் புரியாது, பல புதிர்கள் பெரியவர்களுக்கே கடினம். மகளுக்கு நான் காட்டியது மூன்று மட்டும்: சிக்கிய கோடுகளைப் பிரிக்கும் Untangle, கம்பித் துண்டுகளைத் திருப்பி இணைக்கும் Net, சுடோகுவான Solo. அந்த Solo-வில் 2x2 Trivial என்பதைத் தேர்ந்தெடுத்தால் 4×4 கட்டம் வரும், ஒன்றிலிருந்து நான்கு வரை எண்கள் போதும். 9×9 கட்டத்தில் எடுத்தவுடன் உட்கார வைத்திருந்தால் அவள் சுடோகுவையே வெறுத்திருப்பாள்.

இன்னொன்று GCompris. 2 முதல் 10 வயது வரைக்குமானது, இதிலும் விளம்பரம் இல்லை. ஆனால் குரல், இசைக் கோப்புகளைத் தனியாக இறக்கிக்கொள்ளக் கேட்கும். வீட்டிலேயே அதை முடித்துவிடாவிட்டால் ரயிலில் பாதிச் செயல்கள் ஊமையாக இருக்கும்.

காகிதத்தில் கட்டத்தைப் பெரிதாகப் போடுவது

புள்ளி வைத்துக் கோடு இழுத்துப் பெட்டி பிடிக்கும் ஆட்டத்தை எல்லோரும் ஆடியிருப்போம். நேரம் நிறைய இருக்கிறதே என்று 10×10 புள்ளி வைத்தோம். 81 பெட்டி, 180 கோடு. முக்கால்வாசி நேரம் யாரும் எதையும் பிடிக்காமல் கோடு மட்டுமே இழுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் பாதியில் எழுந்துபோனாள். 4×4 புள்ளி வையுங்கள். 9 பெட்டி, 24 கோடு, சில நிமிடத்தில் முடிந்துவிடும். பெட்டிகள் ஒற்றைப்படை என்பதால் சமனாகவும் முடியாது. தோற்றவர் “இன்னொரு ஆட்டம்” என்று கேட்கும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். ரயில் குலுங்குவதில் புள்ளிகள் கோணலாகும், வீட்டிலேயே இருபது முப்பது கட்டங்களைப் போட்டு எடுத்துப் போனால் நல்லது.

சிறிய கட்டத்தில்தான் இந்த ஆட்டத்தின் உள்சூட்சுமமும் குழந்தைக்குப் புலப்படும். ஒருமுறை என் மகனுக்கும் எனக்கும் ஆளுக்கு ஒரு பெட்டி. மிச்சம் ஏழு. அவை இரண்டு வரிசைகளாக நின்றன, ஒன்றில் மூன்று பெட்டி, மற்றதில் நான்கு. முதல் கோட்டை யார் இழுத்தாலும் அந்த வரிசை முழுவதும் எதிராளிக்குத் திறந்துவிடும். என் முறை வந்தது, வேறு வழியில்லாமல் மூன்று உள்ள வரிசையைத் திறந்தேன். அவன் ஆசையாக மூன்றையும் பிடித்தான். பெட்டி பிடித்தவர் மறுபடி கோடு இழுக்க வேண்டும் என்பது விதி, ஆகவே நான்கு உள்ள வரிசையை அவனே திறக்க வேண்டியதாயிற்று. நான் நான்கையும் எடுத்தேன். 5க்கு 4 என்று தோற்றான்.

“மூணையும் பிடிச்சது நான்தானே, அப்புறம் எப்படிப்பா தோத்தேன்?” என்று கேட்டான். அதே நிலையை மறுபடி வரைந்து காட்டினேன். மூன்றில் ஒன்றை மட்டும் பிடித்துவிட்டு, மிச்ச இரண்டின் கடைசி ஓரத்தில், அதாவது அவற்றுக்கு நடுவில் இல்லாத கோட்டை இழுத்து விட்டுவிட வேண்டும். இப்போது நடுக்கோடு ஒன்றாலேயே எதிராளி இரண்டு பெட்டியையும் பிடித்துவிடுவார். ஆனால் பிடித்த கையோடு நான்கு உள்ள வரிசையை அவர்தான் திறந்தாக வேண்டும். நான்கும் உங்களுக்கு. கணக்கு 6க்கு 3. இரண்டைக் கொடுத்து நான்கை வாங்குவது. அதன்பின் இரண்டு மணி நேரம் அவன் டேப்லெட்டைக் கேட்கவில்லை. 7 வயதுக்காரிக்கு இதைச் சொல்லித்தர அவசரப்பட வேண்டாம், அவளுக்குப் பெட்டி பிடிப்பதே போதுமான சந்தோஷம்.

ஒரு விஷயம். குனிந்து எழுதும்போதோ திரையைப் பார்க்கும்போதோ குழந்தை முகம் வெளுத்தாலோ, கொட்டாவி விட்டாலோ, வாயில் எச்சில் ஊறுகிறது என்றாலோ உடனே எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு ஜன்னல் வழியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். “இந்த ஒரு நிலை மட்டும்” என்று விட்டால் வாந்தியில்தான் முடியும்.

சொல் விளையாட்டை விதி இல்லாமல் தொடங்குவது

அப்போது கைகொடுப்பது வாயால் ஆடும் ஆட்டம். ரயிலில் விளக்கை அணைத்த பிறகும் ஆடலாம். ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல் தொடங்க வேண்டும் என்ற ஆட்டத்தைத் தமிழில் அப்படியே ஆரம்பித்தால் இரண்டாவது சொல்லிலேயே முட்டிக்கொள்ளும். ‘மரம்’ என்றால் அடுத்தது ‘ம்’ என்றா தொடங்கும்? ‘தவளை’ என்றால் ளையில் எதைச் சொல்வது? தமிழில் ண, ழ, ள, ற, ன வரிசைகள் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. ட, ர, ல வரிசைகளில் பிறமொழிச் சொற்களாகச் சிலவே உண்டு. நம் சொற்கள் பலவும் முடிவதோ இந்த எழுத்துகளில்தான்.

நாங்கள் இரண்டு விதி வைத்துக்கொண்டோம். ஒன்று, எழுத்தைப் பார்க்காமல் அதன் வரிசையைப் பார்ப்பது. ‘ம்’ என்று முடிந்தால் ம, மா, மி, மூ எதிலும் தொடங்கலாம். இரண்டு, கடைசி எழுத்து சொல்லுக்கு முதலில் வராத, அல்லது அரிதாகவே வரும் வரிசை என்றால் அதற்கு முந்தைய எழுத்துக்குப் போவது, அதுவும் வராவிட்டால் அதற்கும் முந்தையதற்கு. பந்து, தவளை, வாசல், சிங்கம், மூக்கு, கதவு, வண்டி என்று ஓடும். தவளையில் ளையை விட்டு ‘வ’, வாசலில் ல்-ஐ விட்டு ‘ச’, வண்டியில் டியையும் ண்-ஐயும் விட்டு மறுபடி ‘வ’. இரண்டு விதியையும் கிளம்புவதற்கு முன் வீட்டில் பத்து நிமிடம் ஆடிப் பழகிவிட்டோம். போன தடவை மேல்படுக்கையிலிருந்து மகள் ‘வண்ணத்துப்பூச்சி’ என்றாள், கீழேயிருந்து மகன் ‘சிலந்தி’ என்றான், அடுத்த சொல் வரவில்லை. எட்டிப் பார்த்தால் தூங்கியிருந்தாள்.