எக்ஸெல் சார்ட்டின் தலைப்பு தானாக மாற என்ன செய்வது?

அம்பாறைப் பக்கம் நெல் வாங்கும் ஒரு கடையின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஷீட்டின் பெயர் Nel. B1 இல் போகத்தின் பெயர், B2 இல் திகதி. A4 முதல் A7 வரை சம்மாந்துறை, அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு. அவற்றுக்கு நேரே B இல் மூட்டைகள்: 420, 365, 280, 185. இதை வைத்து ஒரு சார்ட் போட்டாயிற்று. ஆனால் சிறுபோகம் முடிந்து பெரும்போகக் கணக்கைப் போட்டதும் கம்பங்கள் மாறும், கையால் எழுதிய தலைப்பு மட்டும் பழைய போகத்திலேயே நிற்கும். அதைப் பார்த்து விலை பேசுகிறவருக்கு அது பிழையான தகவல்.

முதலில் தலைப்பு வாசகத்தை D1 இல் உருவாக்குங்கள்:

```
=B1&" நெல் கொள்வனவு: "&TEXT(SUM(B4:B7),"#,##0")&" மூட்டை ("&TEXT(B2,"dd.mm.yyyy")&" வரை)"
```

B1 இல் சிறுபோகம் என்றும் B2 இல் 2025 ஓகஸ்ட் 31 என்றும் இருந்தால், D1 இப்படிக் காட்டும்: சிறுபோகம் நெல் கொள்வனவு: 1,250 மூட்டை (31.08.2025 வரை). இங்கே TEXT கட்டாயம் வேண்டும். எக்ஸெல் திகதியை உள்ளே ஓர் எண்ணாகவே வைத்திருப்பதால், TEXT இல்லாவிட்டால் திகதி இருக்கவேண்டிய இடத்தில் 45900 என்று வந்து நிற்கும்.

இனி சார்ட்டின் தலைப்பில் ஒரு தடவை மட்டும் கிளிக் பண்ணுங்கள். சுற்றிவரப் பெட்டி தெரியவேண்டும், எழுத்துக்குள் கர்சர் மினுங்கக்கூடாது. மினுங்கினால் Esc அழுத்துங்கள். பிறகு மேலே உள்ள போர்முலா பாரில் கிளிக் பண்ணி = என்று டைப் செய்து, D1 ஐக் கிளிக் பண்ணி, Enter அழுத்துங்கள். பாரில் இப்படித் தெரியும்:

```
=Nel!$D$1
```

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கர்சர் தலைப்புக்குள் இருக்கும்போது டைப் செய்தால் = அடையாளமும் வெறும் எழுத்தாகவே தலைப்பில் ஏறிவிடும். ஷீட்டின் பெயர் இல்லாமல் =D1 என்று மட்டும் எழுதினாலும் எக்ஸெல் ஏற்காது. அந்த நீளமான போர்முலாவை நேரே தலைப்பில் போடவும் முடியாது. தலைப்பு ஒரு செல்லைச் சுட்டும், அவ்வளவுதான். கணக்கெல்லாம் D1 இலேயே நடக்கவேண்டும். 255 எழுத்துகளுக்கு மேல் போனால் மிச்சம் வெட்டுப்படும் என்பதால் வாசகத்தைச் சுருக்கமாக வையுங்கள்.

B1 இல் பெரும்போகம் என்று மாற்றிப் பாருங்கள், தலைப்பும் கூடவே மாறும். மாறாவிட்டால் தலைப்பைக் கிளிக் பண்ணி போர்முலா பாரைப் பாருங்கள். அங்கே =Nel!$D$1 இல்லையென்றால், யாரோ தலைப்பின் மேல் கையால் எழுதி இணைப்பை அறுத்திருக்கிறார்கள். மேலே சொன்னபடி மறுபடி இணைத்துவிடலாம்.

அடுத்த போகத்துக்குப் புது ஷீட் வேண்டுமென்றால் சார்ட்டை மட்டும் கொப்பி பண்ணாதீர்கள். அதன் தலைப்பு பழைய ஷீட்டின் D1 ஐயே வாசித்துக்கொண்டிருக்கும். கீழே உள்ள ஷீட் பெயரை Ctrl அழுத்தியபடி இழுத்து, முழு ஷீட்டையும் கொப்பி எடுங்கள். அப்போது தலைப்பு புது ஷீட்டின் D1 ஐ வாசிக்கும்.